மாசா மாசம் ஒரே தொகை போட்டா சராசரி விலை குறையுது, அப்புறம் ஏன் மைனஸ்?

கேள்வி: "மியூச்சுவல் ஃபண்ட்ல மாசா மாசம் ஒரே தொகை போட்டா விலை இறங்கும்போது யூனிட் நிறைய கிடைக்கும், அதனால நம்ம சராசரி விலை எப்பவுமே மார்க்கெட் சராசரிய விட கம்மியாதான் இருக்கும்னு சொல்றாங்க. அப்போ விலை எவ்ளோ ஆடுதோ அவ்ளோ நமக்கு நல்லதுதானே? நான் மூணு வருஷமா விடாம போடுறேன், இன்னும் மைனஸ்லதான் இருக்கு. நான் எங்க தப்பு பண்றேன்?"

மைனஸ்ல இருக்கிறதை மட்டும் வச்சு நீங்க தப்பு பண்ணிட்டீங்கன்னு சொல்ல முடியாது. உங்ககிட்ட சொன்னவங்களும் பொய் சொல்லல, கணக்குல பாதிய சொல்லிட்டு அங்கயே நிறுத்திட்டாங்க. நான் ஃபண்ட் கணக்கு எழுதுற வேலைல பல வருஷம் இருந்தவன், யூனிட் ஒதுக்குறது, ஸ்டேட்மென்ட் அனுப்புறது, "என் சராசரி எப்படி இவ்ளோ வந்துச்சு"ன்னு கேக்குறவங்களுக்கு பதில் சொல்றது, இதெல்லாம்தான் பொழப்பு. அந்த அனுபவத்துல இதுல எது நிச்சயமா நடக்கும், எது நடந்தாத்தான் உண்டுன்னு பிரிச்சு எழுதுறேன். எந்த ஃபண்ட் வாங்கணும்னு சொல்ற ஆள் நான் இல்ல, அதுக்குள்ள போகவும் மாட்டேன்.

முதல்ல ஒரு உதாரணம் எடுத்துக்கலாம், கீழ வரைக்கும் இதே எண்களைத்தான் வச்சு பேசப்போறேன். மாசம் 1000, எந்த ஊர் காசா வேணா இருக்கட்டும். ஆறு மாசம். ஃபண்டோட ஒரு பங்கு, அதாவது ஒரு யூனிட்டோட விலை, வரிசையா 100, 80, 50, 40, 80, 100. வேணும்னே பெரிய ஆட்டமா எடுத்திருக்கேன், அப்பதான் கண்ணுக்கு தெரியும். முதல் மாசம் 10 யூனிட், ரெண்டாவது மாசம் 12.5, அப்புறம் 20, 25, மறுபடி 12.5, கடைசியா 10. கூட்டினா 90 யூனிட். போட்டது 6000. 6000த்தை 90ஆல வகுத்தா 66.67, இதுதான் உங்க சராசரி வாங்கின விலை. ஆனா அந்த ஆறு விலையை மட்டும் கூட்டி ஆறால வகுத்தா 75 வரும். நிறைய பேர் இந்த 75ஐத்தான் தன்னோட சராசரின்னு எழுதி வச்சுட்டு ஸ்டேட்மென்ட்ல வேற நம்பர் வருதேன்னு சண்டைக்கு வருவாங்க. ஸ்டேட்மென்ட் சரியாத்தான் இருக்கும், மொத்த பணம் வகுத்தல் மொத்த யூனிட், அவ்ளோதான் சூத்திரம்.

இந்த 75க்கும் 66.67க்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. மாசம் 1000 போடாம, மாசம் 15 யூனிட்னு எண்ணி வாங்கியிருந்தா அதே 90 யூனிட்டுக்கு 6750 செலவாகியிருக்கும். தொகையை நிலையா வச்சதால விலை 40ல இருந்தப்போ 25 யூனிட் வந்துச்சு, 100ல இருந்தப்போ 10 தான் வந்துச்சு, மலிவா வாங்கின யூனிட்டுக்கு எண்ணிக்கை அதிகம், அதனால சராசரி அந்தப் பக்கம் சாயுது. கணக்குப் புத்தகத்துல இதை இசைச் சராசரின்னு சொல்வாங்க, சாதா கூட்டுச் சராசரிய விட இது எப்பவும் கம்மியாத்தான் வரும், எல்லா மாசமும் ஒரே விலையா இருந்தா மட்டும் ரெண்டும் சமமா இருக்கும். இதுக்கு விதிவிலக்கே கிடையாது, எந்த மார்க்கெட், எந்த வருஷம், எந்த ஃபண்டா இருந்தாலும் சரி. ஆக உங்களுக்கு சொன்னதுல நிச்சயமான பகுதி இவ்ளோதான்.

இப்ப மீதி பாதிக்கு வருவோம். அதே ஆறு விலையை வரிசைய மட்டும் மாத்திப் போடுறேன்: 80, 100, 100, 80, 50, 40. எண்கள் ஒண்ணுகூட மாறல. யூனிட் அதே 90, சராசரி அதே 66.67, மார்க்கெட் சராசரி அதே 75, அதை விட நீங்க மலிவாத்தான் வாங்கியிருக்கீங்க. ஆனா இப்ப யூனிட் விலை 40. உங்ககிட்ட இருக்கிறது 90 பெருக்கல் 40, அதாவது 3600. போட்டது 6000. நாப்பது சதவீதம் போச்சு. முதல் வரிசையில கடைசி விலை 100, அங்க அதே 90 யூனிட்டுக்கு 9000 வந்திருக்கும், ஐம்பது சதவீதம் லாபம். சராசரி விலைல ஒரு பைசா வித்தியாசம் இல்லாமலே ஒருத்தருக்கு 50 சதவீதம் லாபம், இன்னொருத்தருக்கு 40 சதவீதம் நஷ்டம். ஏன்னா விலைகள் எந்த வரிசைல வந்துச்சுன்னு சராசரிக்கு தெரியாது, லாபத்துக்கு அதுதான் எல்லாமே.

இன்னும் ஒரு வரிசை, இதுதான் எனக்கு பிடிச்சது, ஏன்னா ஆளுங்க நம்பவே மாட்டாங்க. 40, 80, 100, 100, 80, 50. ஆரம்பிச்சப்போ விலை 40, முடிஞ்சப்போ 50. ஃபண்ட் விளம்பரத்துல போட்டா "இந்தக் காலத்துல 25 சதவீதம் வளர்ச்சி"ன்னு போடலாம், அது உண்மையும்கூட. ஆனா மாசா மாசம் போட்டவர்கிட்ட இருக்கிறது 90 பெருக்கல் 50, 4500 தான், அவருக்கு 25 சதவீதம் நஷ்டம். முதல் நாளே 6000த்தையும் மொத்தமா போட்டவருக்கு 150 யூனிட் கிடைச்சு இப்ப 7500 ஆகியிருக்கும். ஃபண்ட் ஏறியிருக்கு, நான் மட்டும் எப்படி மைனஸ்னு கேக்குறவங்கள்ல நிறைய பேரோட நிலைமை இந்த மலை மாதிரி வரிசைதான். நடுவுல உச்சில இருந்த மாசங்கள்ல போட்ட பணம் அதிகம், கடைசில கொஞ்சம் சறுக்கினாலே கணக்கு சிவப்பு ஆயிடும். உங்க மூணு வருஷமும் இப்படி இருக்கான்னு முதல்ல பாருங்க.

இதுல புரிஞ்சுக்க வேண்டியது என்னன்னா ஒவ்வொரு தவணையும் தனித்தனி முதலீடுதான். 100க்கு வாங்கின யூனிட்டுக்கு 40க்கு வாங்கின யூனிட் பக்கத்துல இருக்குன்னு தெரியாது. ரெண்டாவது வரிசைல பாருங்க, 80க்கு வாங்கின ரெண்டு தவணையும் பாதியாச்சு, 100க்கு வாங்கின ரெண்டும் 60 சதவீதம் இழந்துச்சு, 50க்கு வாங்கினது 20 சதவீதம் இழந்துச்சு, 40க்கு வாங்கினது அப்படியே இருக்கு. சராசரி குறைஞ்சதால முதல் நாலு தவணைல ஒண்ணுகூட மீளல. சராசரிங்கிறது இந்த ஆறையும் ஒரே வரில எழுதுறதுக்கான வசதி, விலை எந்த எண்ணைத் தாண்டினா மொத்தமா பிளஸ் ஆகும்னு காட்டுற ஒரு கோடு. அந்தக் கோடு கீழ இறங்குறது நல்லதுதான், ஆனா விலை அந்தக் கோட்டுக்கு மேல வரணும்ல, அது வேற விஷயம்.

சரி, விலை எவ்ளோ ஆடுதோ அவ்ளோ நல்லதாங்கிறதுக்கு வருவோம். ஆட்டம் ஜாஸ்தியானா 75க்கும் 66.67க்கும் இருக்கிற மாதிரி இடைவெளி பெருசாகும், அது சரி. எவ்ளோ பெருசாகும்னு ஒரு சின்ன கணக்கு இருக்கு. விலை ஒரு மாசம் சராசரிக்கு மேல 10 சதவீதம், அடுத்த மாசம் அதே அளவு கீழன்னு மாறி மாறி வந்தா, அதாவது 110, 90ன்னு, உங்க சராசரி 99 வரும். நூத்துக்கு ஒண்ணு மிச்சம். 5 சதவீதம் மேலயும் கீழயும்னா, 105, 95, சராசரி 99.75, கால் சதவீதம்தான் மிச்சம். 50 சதவீதம்னா, 150, 50, அப்ப 75, நூத்துக்கு 25 மிச்சம். ஆட்டத்தோட சதவீதத்தை அதாலயே பெருக்கினா, அதாவது 10 சதவீதத்துல 10 சதவீதம்னு எடுத்தா, மிச்சம் வருது. நிறைய கம்பெனிகளோட விலையை ஒரே எண்ணா காட்டுற பரந்த சந்தை குறியீட்டை அப்படியே பின்பற்றுற ஃபண்டுகள்ல சாதாரண ஒரு வருஷத்துல விலை அதோட சராசரிய சுத்தி அஞ்சோ பத்தோ சதவீதம் ஆடினா உங்களுக்கு இந்த வித்தையால கிடைக்கிறது கால் சதவீதத்துக்கும் ஒரு சதவீதத்துக்கும் நடுவுல, அதுவும் மொத்தக் காலத்துக்கும் சேர்த்து. ஃபண்டோட வருஷாந்திர கட்டணம் அதை விட ஜாஸ்தியா இருக்கலாம். அதனால மாசத்துல எந்த தேதில போடணும், வாரா வாரம் போட்டா நல்லதா, தினம் போடலாமான்னு நடக்குற விவாதமெல்லாம் என்னைப் பொறுத்தவரை நேர விரயம். ஒரு மாசத்துக்குள்ள விலைகள் ஒண்ணுக்கொண்ணு கிட்டத்துலயே இருக்கும், கிட்டத்துல இருக்கிற எண்களுக்கு ரெண்டு சராசரியும் ஏறக்குறைய ஒண்ணுதான். சம்பளம் வர்ற மறுநாள் வச்சுக்கோங்க, பேங்க்ல பணம் இல்லாம தவணை திரும்பிப் போற தொல்லையாவது இருக்காது.

அப்ப நிறைய ஆடுற ஃபண்டா பாத்து வாங்கினா இடைவெளி பெருசாகுமேன்னு தோணும். அதுல ஒரு நிபந்தனை ஒளிஞ்சிருக்கு. ரெண்டு ஃபண்ட் ஒரே விலைல ஆரம்பிச்சு ஒரே விலைல முடிஞ்சு, ரெண்டுக்கும் கூட்டுச் சராசரியும் ஒண்ணா இருந்தா, ஜாஸ்தி ஆடினதுல உங்க சராசரி கம்மி, லாபம் ஜாஸ்தி, சந்தேகமே இல்ல. ஆனா ஒரே விலைல முடியும்னு யார் சொன்னது? பாதியா விழுந்தது பழைய இடத்துக்கு வர ரெண்டு மடங்கு ஏறணும். அது ஏறும்ங்கிறது கணக்கு குடுக்குற உறுதி கிடையாது, அந்த ஃபண்டுக்குள்ள இருக்கிற கம்பெனிகளோட சம்பாத்தியத்தைப் பொறுத்தது. ஒரே ஒரு கம்பெனி பங்குல இதே மாதிரி மாசா மாசம் போட்டுட்டு வர்றவங்க உண்டு, அது 100, 50, 20, 5ன்னு இறங்கினா சராசரி பிரமாதமா இறங்கும், கடைசில கம்பெனி மூடினா சராசரி எவ்ளோங்கிறதுக்கு அர்த்தமே இல்ல. இறங்க இறங்க வாங்குறது பரந்த குறியீட்டுல ஓரளவு நியாயம், ஏன்னா அங்க செத்த கம்பெனி வெளிய போயி புது கம்பெனி உள்ள வருது. தனிப் பங்குல அந்த நியாயம் இல்ல.

பரந்த குறியீடாவே இருந்தாலும் எவ்ளோ காலம் காக்க வைக்கும்ங்கிறதுக்கு ஜப்பான்தான் உதாரணம். நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் கடைசில 38,915ல முடிஞ்சுது. 2009 மார்ச்ல 7,054 வரைக்கும் இறங்குச்சு. பழைய உச்சியை மறுபடி தாண்டினது 2024 பிப்ரவரில. உச்சில மொத்தமா போட்டவர் விலையை மட்டும் பாத்தா 34 வருஷம் காத்திருந்தார். அன்னைக்கு ஆரம்பிச்சு மாசா மாசம் போட்டவரோட சராசரி அந்த 38,915க்கு ரொம்ப கீழ இறங்கியிருக்கும், அதனால அவர் 2024க்கு ரொம்ப முன்னாடியே பிளஸ்க்கு வந்திருப்பார், இது இந்த முறைக்கு பெரிய பெருமைதான். ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. 2011 முடிவுல நிக்கேய் 8,455. அதுக்கு முந்தின 22 வருஷத்துல குறியீடு அந்த அளவுக்கு கீழ இருந்த மாசங்கள் விரல் விட்டு எண்ணலாம். ஆக ஒரு மாசம் கூட விடாம 22 வருஷம் போட்டவர், டிவிடெண்டை, அதாவது கம்பெனிகள் பிரிச்சுக் குடுக்குற லாபத்தை, சேர்க்காம பாத்தா, அன்னைக்கு மைனஸ்லதான் இருந்தார். அவரோட சராசரி மார்க்கெட் சராசரிய விட கம்மியாத்தான் இருந்திருக்கும், எந்த விதியும் மீறப்படல. இதை வச்சுப் பாத்தா உங்க மூணு வருஷ மைனஸ் ஒரு அதிசயமே இல்ல. எல்லா மார்க்கெட்டும் ஜப்பான் மாதிரி ஆகும்னு நான் சொல்லல, ஆகவே ஆகாதுன்னு யாராவது அடிச்சு சொன்னா அவங்களை நம்பாதீங்க.

அடுத்தது யாரும் சொல்லாத ஒரு விஷயம், நாள் ஆக ஆக இந்த சராசரி இறங்குற வேகமே செத்துப் போயிடும். அண்டா நிறைய வெந்நீர் இருக்கும்போது ஒரு டம்ளர் பச்சத் தண்ணி ஊத்தி என்ன ஆகும், அந்தக் கதைதான். மாசம் 1000 வீதம் அஞ்சு வருஷம், 60 தவணை போட்டு உங்க சராசரி 50ல இருக்குன்னு வைங்க. 60,000 போட்டு 1200 யூனிட் கையில. இப்ப விலை 40க்கு விழுது, 20 சதவீதம். அந்த மாசம் 1000த்துக்கு 25 யூனிட் வரும், மொத்தம் 61,000 வகுத்தல் 1225, சராசரி 49.80. வெறும் 20 பைசா இறங்கிச்சு. ஆறாவது மாசம் முடிஞ்ச புதுசுல இதே சரிவு வந்திருந்தா சராசரி 50ல இருந்து 48.28க்கு வந்திருக்கும். இப்ப 60 தவணைக்கு அப்புறம் சராசரிய 45க்கு கொண்டுவரணும்னா விலை 40லயே நிக்கணும், நீங்க இன்னும் 48 மாசம் போடணும். நாலு வருஷம். வேணும்னா நீங்களே போட்டுப் பாருங்க, 60,000த்தோட 48,000 சேத்தா 108,000, 1200 யூனிட்டோட 1200 சேத்தா 2400, வகுத்தா 45. "விலை இறங்கினா நல்லதுதான், சராசரி ஆகிடும்"னு சொல்றது முதல் ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு பொருந்துற பேச்சு, பத்து வருஷம் போட்டவருக்கு வர்ற ஒவ்வொரு பெரிய சரிவும் கிட்டத்தட்ட முழுசா அவர் தலைமேலதான் விழும். சம்பளம் ஏறும்போது தவணையையும் ஏத்தினா இந்த எடை கொஞ்சம் திரும்ப கிடைக்கும், மேல சொன்ன கணக்குல தவணையை 2000 ஆக்கினா 48 மாசம் 24 ஆகும். அதுக்கு மேல அதுல மாயம் எதுவும் இல்ல.

அதனாலதான் ஆரம்பத்துல விலை இறங்கிக் கிடக்குறது, இன்னும் பல வருஷம் போடப்போறவருக்கு நஷ்டம்னு சொல்ல மாட்டேன். மூணு வருஷத்துல நீங்க போட்டது 36 தவணை. இன்னும் பதினஞ்சு வருஷம் போடப்போறீங்கன்னா உங்க பணத்துல பெரும்பகுதி இன்னும் உள்ளயே வரல, வாங்கப்போற விலைகள்தான் முக்கியம். அடுத்த வருஷமே எடுக்கணும்னா கதை தலைகீழ், அப்ப சராசரி உங்களைக் காப்பாத்தாது.

இந்த முறையை கெடுக்குறது எதுன்னு கேட்டா, சரிவுல நிறுத்துறது. முதல் வரிசைக்கே திரும்ப வாங்க, 100, 80, 50, 40, 80, 100. அதுல மொத்த லாபம் 3000. எந்த தவணை எவ்ளோ குடுத்துச்சுன்னு பிரிச்சா, 50க்கு வாங்கின 1000 இப்ப 2000, 40க்கு வாங்கின 1000 இப்ப 2500. இந்த ரெண்டு தவணை மட்டுமே 2500 லாபம், மீதி நாலும் சேர்ந்து 500. பயந்துபோய் அந்த ரெண்டு மாசம் மட்டும் நிறுத்திட்டு விலை 80 ஆனதும் தெம்பா திரும்ப ஆரம்பிச்சவருக்கு 4000த்துக்கு 45 யூனிட், சராசரி 88.89. மார்க்கெட் சராசரி 75ன்னு சொன்னோமே, அதை விட மேல போயிடுச்சு. எப்பவும் கம்மியாத்தான் இருக்கும்ங்கிற விதி இவருக்கு பொருந்தாது, ஏன்னா அது எல்லா மாசமும் போட்டவருக்கான விதி. நான் பாத்த வரைக்கும் ஸ்டேட்மென்ட்ல சராசரி எதிர்பார்த்ததை விட ஜாஸ்தியா இருந்தா பெரும்பாலும் காரணம் இதுதான், நடுவுல நாலஞ்சு மாசம் காலியா இருக்கும், கேட்டா "அப்ப மார்க்கெட் சரியில்ல சார்"னு வரும். உங்க 36 தவணையும் போயிருக்கான்னு எண்ணிப் பாருங்க, சில சமயம் நாம நிறுத்தலன்னாலும் பேங்க்ல திரும்பியிருக்கும், நமக்கே தெரியாது.

மொத்தமா கைல பணம் இருந்தா பிரிச்சுப் போடலாமா ஒரேயடியா போடலாமாங்கிறது வேற கேள்வி, அதுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். ஃபண்ட் நடத்துற வேன்கார்ட் நிறுவனம் 2012ல அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மார்க்கெட் பழைய விலைகளை வச்சு ஒரு ஆய்வு போட்டுச்சு, ஒரேயடியா போட்டதுதான் ஏறக்குறைய மூணுல ரெண்டு முறை ஜெயிச்சிருக்கு. காரணம் எளிது, மார்க்கெட் இறங்குற காலத்தை விட ஏறுற காலம் ஜாஸ்தி, பிரிச்சுப் போடுறவரோட பணம் பாதி நாள் சும்மா கிடக்கு. மீதி மூணுல ஒரு முறை பிரிச்சுப் போட்டவர் தப்பிச்சார், அந்த ஒரு முறை எப்ப வரும்னு முன்கூட்டி தெரிஞ்சா இந்தக் கேள்வியே வராது. ஆனா மாசச் சம்பளக்காரருக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது, அவர்கிட்ட மொத்தப் பணம் இருந்து பிரிச்சுப் போடல, வர வர போடுறார். அவருக்கு சராசரிங்கிறது ஒரு உத்தியே இல்ல, சம்பளம் அப்படித்தான் வருது.

இப்ப உங்க கணக்கை எப்படி பாக்குறதுன்னு சொல்றேன். ஸ்டேட்மென்ட்ல மொத்தம் போட்டது, மொத்த யூனிட் ரெண்டையும் எடுத்து வகுங்க, அதுதான் உங்க கோடு. இன்னைக்கு யூனிட் விலை அதுக்கு எவ்ளோ கீழ இருக்குன்னு பாருங்க. டிவிடெண்டை திரும்ப யூனிட்டா மாத்துற வகைன்னா கவனம், அந்த யூனிட்டுக்கு உங்க பையில இருந்து பணம் போகல, சில இடத்துல அதையும் வாங்கினதா கணக்கு காட்டுவாங்க, சில இடத்துல காட்டமாட்டாங்க, சராசரி அதுக்கேத்த மாதிரி மாறும். அடுத்து, உங்க ஃபண்ட் எந்த குறியீட்டோட தன்னை ஒப்பிடுதோ அந்தக் குறியீட்டை எடுத்து, நீங்க போட்ட அதே தேதிகள்ல அதே தொகை அதுல போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு ஒரு ஷீட்ல போடுங்க. 36 வரிதான், அரை மணி நேர வேலை. டிவிடெண்ட் சேர்ந்த குறியீட்டு எண் கிடைச்சா அதையே எடுங்க, அதுதான் நியாயமான ஒப்பீடு. குறியீடும் மைனஸ்னா காரணம் காலம், நீங்க செய்யறதுல மாத்த ஒண்ணும் இல்ல. குறியீடு பிளஸ்ல இருந்து உங்க ஃபண்ட் மட்டும் மைனஸ்னா, பிரச்சினை ஃபண்ட்ல, அதை சராசரி சரி பண்ணும்னு காத்திருக்காதீங்க.

சதவீதத்தையும் சரியா பாருங்க. ஒரு வருஷம் மாசா மாசம் போட்டு மொத்தத்துல 6 சதவீதம் ஏறியிருந்தா, வட்டி மாதிரி பாத்தா அது வருஷத்துக்கு 11 சதவீதத்துக்கு மேல, ஏன்னா முதல் தவணைதான் 12 மாசம் இருந்துச்சு, கடைசி தவணை ஒரு மாசம்தான். நஷ்டத்துலயும் இதே மாதிரி. ஷீட்ல முதல் வரில தலைப்பு, A பத்தில தேதி, B பத்தில தொகை, போட்டதெல்லாம் மைனஸ் குறியோட, கடைசி வரில இன்னைக்கு தேதியும் இன்னைக்கு மதிப்பும் பிளஸ்ல. அப்புறம் வருஷ வட்டி மாதிரி சதவீதத்தை காட்டுற இந்த சூத்திரம்:

```
=XIRR(B2:B38, A2:A38)
```

தலைப்புக்கு கீழ 36 தவணைக்கு 36 வரி, 37வது வரி இன்னைக்கு மதிப்பு. எல்லா தொகையும் ஒரே குறியோட இருந்தா பிழை காட்டும், பயப்பட வேணாம், மைனஸ் போட மறந்திருப்பீங்க.

கடைசியா, நீங்க கேக்கல, ஆனா இந்தக் கணக்கு புரிஞ்சவங்களுக்கு இதுவும் தெரியணும். போடும்போது உதவுற இதே சராசரி, எடுக்கும்போது எதிரா வேலை செய்யும். மாசம் 1000 வேணும்னு நிலையா எடுக்க ஆரம்பிச்சா விலை 100ல 10 யூனிட் விப்பீங்க, 40ல 25 யூனிட் விப்பீங்க. மேல சொன்ன ஆறு மாசத்துல 6000 எடுக்க 90 யூனிட் காலி, சராசரியா 66.67க்கு வித்திருக்கீங்க. அதே 90 யூனிட்டை மாசம் 15ன்னு வித்திருந்தா 6750 கிடைச்சிருக்கும். மலிவா இருக்கும்போது நிறைய வாங்க வச்ச அதே நிலையான தொகை, இப்ப மலிவா இருக்கும்போது நிறைய விக்க வைக்குது. யூனிட் எண்ணிக்கையை நிலையா வச்சு வித்தா இந்த இழப்பு இல்ல, ஆனா மாசச் செலவுக்கு 40ல வெறும் 600தான் வரும், அது யாருக்கு ஒத்து வரும்? அதனால சிலர் எடுக்கத் தொடங்கறதுக்கு முன்னாடியே ஒண்ணு ரெண்டு வருஷச் செலவுக்கான பணத்தை விலை ஆடாத இடத்துக்கு மாத்தி வச்சுட்டு, சரிவு வந்தா அதுல இருந்து செலவழிப்பாங்க, ஃபண்ட்ல கை வைக்கறதை தள்ளிப்போடுவாங்க. எவ்ளோ மாத்தணும்ங்கிறது உங்க மாசச் செலவையும் வேற வருமானம் இருக்கான்னும் பொறுத்தது. உங்க ஷீட்டைப் போட்டு முடிச்சதும் சராசரியையும் குறியீட்டோட எண்ணையும் இங்க போடுங்க, ஃபண்ட் பேரு வேணாம், அதை வச்சே மேற்கொண்டு பேசலாம்.